டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர்: மெர்கேட்டர் படத்தைக் கையால் வரைந்து பார்த்த கதை

எங்கள் வாசகசாலைச் சுவரில் இருக்கும் உலகப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிகின்றன. கிரீன்லாந்தின் உண்மையான பரப்பு சுமார் 21.66 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு. இந்தியாவே கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரியது, ஆனால் படத்தில் அதன் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும் போலத் தெரிகிறது. துருவத்துக்குப் பக்கத்தில் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். எவ்வளவு பெரிதாக, ஏன் அப்படி, அதைச் சரி செய்தால் வேறு எது கெடும் என்பதை அளந்து பார்க்க ஆசைப்பட்டேன். அதற்காக அந்தப் படத்தின் கட்டத்தை முதலிலிருந்து கையாலேயே வரைந்தேன். செய்த முறையையும் கிடைத்த எண்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கலாம்.

தேவைப்பட்டவை ஒரு பெரிய சார்ட் பேப்பர், மில்லிமீட்டர் கிராப் தாள்கள், நீள ஸ்கேல், கொசைன் பட்டன் உள்ள கால்குலேட்டர், நூல், 30 செ.மீ. விட்டமுள்ள குளோப், ஒரு நல்ல அட்லஸ். அளவுத்திட்டத்தை எளிமையாக வைத்துக்கொண்டேன்: பூமத்திய ரேகையில் ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர். அப்படியானால் உலகம் 360 மி.மீ. அகலம். ஒரு டிகிரி என்பது பூமத்திய ரேகையில் சுமார் 111.2 கி.மீ. ஆகவே கிராப் தாளின் ஒரு சின்னச் சதுரம் அங்கே ஏறத்தாழ 12,360 சதுர கி.மீ. நிலம். பின்னால் வரும் எல்லா ஒப்பீட்டுக்கும் இந்த ஒரு எண் போதும்.

முதலில் தீர்க்கக்கோடுகள். உருளைவகைப் படம் என்பதால் அவை மேலிருந்து கீழ்வரை நேராக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. பத்து டிகிரிக்கு ஒன்றாக, 10 மி.மீ. இடைவெளியில் வரைந்துவிட்டேன். வேலை சுலபம். ஆனால் பிரச்சினை பிறக்கும் இடமும் இதுதான். குளோபில் தீர்க்கக்கோடுகள் இணையாக ஓடுவதில்லை, துருவத்தில் போய் ஒன்றுசேர்கின்றன. பூமத்திய ரேகையைச் சுற்றி நூலை வைத்து அளந்தால் 30 செ.மீ. குளோபில் 942 மி.மீ. வரும். அதே நூலை 60 டிகிரி வட அட்சக்கோட்டில் சுற்றினால் 471 மி.மீ., சரிபாதி. எந்த அட்சக்கோட்டை எடுத்தாலும் அதன் நீளம் பூமத்திய ரேகையின் நீளத்தை அந்த டிகிரியின் கொசைனால் பெருக்கியது. என் சார்ட்டிலோ 60 டிகிரிக்கோடும் 360 மி.மீ.தான், 80 டிகிரிக்கோடும் 360 மி.மீ.தான். அதாவது 60-இல் கிழக்கு மேற்காக எல்லாம் இரண்டு மடங்கு இழுபட்டுவிட்டது. 80-இல் 5.76 மடங்கு. துருவம் வெறும் புள்ளி. அதைக் கோடாக்க எவ்வளவு இழுத்தாலும் போதாது.

இதுவரை நடந்தது எந்த உருளைப் படத்துக்கும் பொது. மெர்கேட்டர் படத்தின் தனிக்குணம் அடுத்த படியில்தான் வருகிறது, அட்சக்கோடுகளை எவ்வளவு இடைவெளியில் போடுவது என்பதில்.

கெரார்டுஸ் மெர்கேட்டர் 1569-இல் டூயிஸ்பர்க் நகரில் வெளியிட்ட படம் 18 தாள்களில் அச்சானது. கடலோடிகளின் பயன்பாட்டுக்கு என்று அதன் தலைப்பிலேயே இருந்தது. அந்தக் காலத்து மாலுமி திசைகாட்டியைப் பார்த்து ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போவான். வடக்கிலிருந்து 50 டிகிரி கிழக்காக என்றால் நாள் கணக்கில் அதே 50 டிகிரிதான். அந்தப் பாதை படத்தில் நேர்க்கோடாக விழவேண்டும், ஸ்கேலை வைத்து வரைந்து பாகைமானியால் கோணத்தைப் படித்தால் போதுமானதாக இருக்கவேண்டும். அதற்குப் படத்தில் ஒவ்வொரு இடத்திலும் கோணம் கெடாமல் இருக்கவேண்டும். கிழக்கு மேற்காக இரண்டு மடங்கு இழுத்த இடத்தில் வடக்கு தெற்காகவும் அதே இரண்டு மடங்கு இழுத்தால்தான் கோணம் கெடாது. எனவே 60 டிகிரியில் நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. 80 டிகிரியில் பரப்பு 33 மடங்கு. துருவ நாடுகள் ஊதிப்போனதற்கு யாருடைய கவனக்குறைவும் காரணமில்லை. கோணத்தைக் காப்பாற்றியதற்கு அந்தப் படம் கொடுத்த விலை அது.

தன் இடைவெளிகளை எப்படிக் கணக்கிட்டார் என்று மெர்கேட்டர் எழுதிவைக்கவில்லை. இங்கிலாந்தின் எட்வர்ட் ரைட் 1599-இல் வெளியிட்ட நூலில் வழியைச் சொன்னார்: சின்னச் சின்னப் படிகளாக மேலே போங்கள், ஒவ்வொரு படியையும் அந்த இடத்து இழுப்பால், அதாவது கொசைனின் தலைகீழால், பெருக்கிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். நானும் அந்த வழியிலேயே போனேன், 5 டிகிரிப் படிகளாக. ஒவ்வொரு படியின் நடுவில் உள்ள இழுப்பை எடுத்துக்கொள்ளவேண்டும். முதல் படிக்கு 2.5 டிகிரி: 5 ÷ cos 2.5° = 5.0 மி.மீ. நடுவழியில் 42.5 டிகிரி: 6.8 மி.மீ. பிறகு 57.5-இல் 9.3 மி.மீ. கூட்டிக்கொண்டே வந்தால் 60 டிகிரிக்கோடு பூமத்திய ரேகையிலிருந்து 75.4 மி.மீ. உயரத்தில் விழுகிறது.

அது சரிதானா என்று பார்க்க இன்று சூத்திரம் இருக்கிறது: y = R ln tan(45° + φ/2). இதில் φ என்பது அட்சக்கோட்டின் டிகிரி, R என்பது கோளத்தின் ஆரம், நம் அளவுத்திட்டத்தில் 57.3 மி.மீ. கையில் கணினி இருந்தால் இவ்வளவு போதும்:

```python
from math import log, tan, sin, pi, radians
R = 180 / pi
for d in range(0, 86, 5):
    p = radians(d)
    print(d, round(R*log(tan(pi/4 + p/2)), 1), round(R*sin(p), 1))
```

இரண்டாவது பத்தியில் வருவது மெர்கேட்டர் உயரம். மூன்றாவது பத்தி பிறகு தேவைப்படும். 60 டிகிரிக்கு இது 75.5 மி.மீ. என்கிறது. கைக்கணக்கும் சூத்திரமும் 0.1 மி.மீ.க்குள் ஒத்துப்போகின்றன, பென்சில் கோட்டின் தடிமன்கூட அதைவிட அதிகம். 75 டிகிரியில் வித்தியாசம் 0.3 மி.மீ., 80-இல் 0.6. ஆனால் 85-இல் கைக்கணக்கு 177.3 தருகிறது, சூத்திரம் 179.4. இழுப்பு அங்கே அவ்வளவு வேகமாக ஏறுவதால் 5 டிகிரிப் படி போதவில்லை. ரைட் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கான கலைகளாகப் பிரித்துக் கூட்டினார் என்பதன் அருமை இங்கே புரிகிறது. கையால் செய்பவர்கள் 75-க்கு மேலே ஒரு டிகிரிப் படிக்கு மாறிவிடுங்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 85 டிகிரியில் உயரம் 179.4 என்றால் மேலும் கீழும் சேர்ந்து 359 மி.மீ. அகலம் 360. படம் கிட்டத்தட்டச் சதுரமாகிவிட்டது. இன்றைய இணைய வரைபடங்கள் 85.05 டிகிரியில் படத்தை வெட்டிவிடுவது இதனால்தான். உலகம் சரியான சதுரத்தில் அடங்கினால் அதை நான்காகவும் பதினாறாகவும் சதுரத் துண்டுகளாகப் பிரித்து அனுப்புவது எளிது. அதற்கு மேலே உள்ள கடலும் பனியும் அந்தப் படங்களில் கிடையாது.

கட்டம் தயார். இனி கிரீன்லாந்து. கடற்கரையின் வளைவு நெளிவை எல்லாம் வரைந்து சதுரம் எண்ணுவதற்குப் பதில், படிக்கட்டு மாதிரி ஐந்து செவ்வகங்களாக அதை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு 5 டிகிரிப் பட்டைக்கும் நிலத்தின் சராசரி அகலம் எத்தனை டிகிரி என்று அட்லஸில் பார்த்துக் குறித்தேன். கீழிருந்து மேலாக 8, 20, 32, 48, 38 என்று வந்தது. கடைசிப் பட்டை 80-இல் தொடங்கி கிரீன்லாந்தின் வடமுனையான 83.6-இல் முடிகிறது. டிகிரிக்கு ஒரு மி.மீ. என்பதால் அகலம் அப்படியே மில்லிமீட்டர். உயரம் நாம் கணக்கிட்ட கோடுகளின் இடைவெளி. பெருக்கினால் சார்ட்டில் அந்தப் பட்டை அடைக்கும் சதுர மில்லிமீட்டர் கிடைக்கும்.

பக்கத்திலேயே உண்மைப் பரப்பும் வேண்டும். அதற்குத்தான் மூன்றாவது பத்தியில் உள்ள சைன். ஒரு கோளத்தில் இரண்டு அட்சக்கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பு அவற்றின் சைன்களின் வித்தியாசத்துக்கு நேர்விகிதம். ஆகவே சைன் உயரத்தை அகலத்தால் பெருக்கினால், ஊதாமல் சுருங்காமல் பூமத்திய ரேகையின் அளவுத்திட்டத்திலேயே நிலத்தின் பரப்பு வந்துவிடும்.

| பட்டை | அகலம் (மி.மீ.) | மெர்கேட்டரில் (ச.மி.மீ.) | உண்மையில் (ச.மி.மீ.) |
|---|---|---|---|
| 60–65° | 8 | 87 | 18.5 |
| 65–70° | 20 | 262 | 38.3 |
| 70–75° | 32 | 536 | 48.1 |
| 75–80° | 48 | 1,124 | 51.9 |
| 80–83.6° | 38 | 975 | 19.5 |
| மொத்தம் | | 2,984 | 176.3 |

கடைசிப் பத்தியை 12,360-ஆல் பெருக்கினால் சுமார் 21.8 லட்சம் சதுர கி.மீ. வருகிறது. அட்லஸ் சொல்லும் 21.66 லட்சத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததால் ஐந்து செவ்வகங்கள் போதும் என்ற நம்பிக்கை வந்தது. மெர்கேட்டரில் கிரீன்லாந்து 17 மடங்கு ஊதியிருக்கிறது. இந்தியாவின் உண்மைப் பரப்பு இதே அளவில் 266 ச.மி.மீ. படத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கூடி 320-ஐத் தொடுகிறது. ஆப்பிரிக்கா பூமத்திய ரேகையின் இருபுறமும் பரவியிருப்பதால் அதுவும் அதிகம் ஊதவில்லை, 2,700-ஐ ஒட்டி வருகிறது. சுவரில் கண்ட இரண்டும் ஏன் சமமாகத் தெரிந்தன என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரிய இந்தியா, படத்தில் அதன் ஒன்பதில் ஒரு பங்காகத் தெரிகிறது.

இந்த அட்டவணையில் என்னை அதிக நேரம் பிடித்துவைத்தது மொத்தம் அல்ல, பட்டைவாரியான கணக்கு. 80 டிகிரிக்கு மேலே இருப்பது கிரீன்லாந்து நிலத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். படத்திலோ அதன் உருவத்தில் மூன்றில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்கிறது. தெற்குப் பட்டை ஏறத்தாழ ஐந்து மடங்கு ஊத, வடக்குப் பட்டை ஐம்பது மடங்கு ஊதியிருக்கிறது. மெர்கேட்டர் பரப்பைக் கெடுத்தாலும் வடிவத்தைக் காப்பாற்றும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது ஒரு தெருமுனைக்கு, ஒரு துறைமுகத்துக்கு, ஒரு சின்ன விரிகுடாவுக்குப் பொருந்தும். கிரீன்லாந்து அளவுக்குப் பெரிய நிலத்துக்குப் பொருந்தாது. கால் ஒரு மடங்கிலும் தலை வேறு மடங்கிலும் வளர்ந்தால் வடிவம் எப்படிக் காப்பாற்றப்படும்? நாம் மனதில் வைத்திருக்கும் கிரீன்லாந்து உருவம், அந்தத் தலைகனத்த உருவம், பரப்பில் மட்டுமல்ல, வடிவத்திலும் பிழையானது.

இந்த இடத்தில் ஒரு பரவலான விளக்கத்தையும் சொல்லியாகவேண்டும். கண்ணாடிக் குளோபுக்குள் நடுவில் விளக்கை ஏற்றி, சுற்றிலும் உருளையாகத் தாளை வைத்தால் அதில் விழும் நிழல்தான் மெர்கேட்டர் படம் என்று சில பாடப் புத்தகங்களில் படம் போட்டே காட்டுவார்கள். அப்படி விழும் நிழலின் உயரம் டேன்ஜென்ட் கணக்கில் வரும், 60 டிகிரிக்கு 99.2 மி.மீ. மெர்கேட்டருக்கு 75.5. இரண்டும் வேறு படங்கள். விளக்கு நிழலில் வடக்கு தெற்கு இழுப்பும் கிழக்கு மேற்கு இழுப்பும் சமமாக இருக்காது, கோணம் கெடும், மாலுமிக்கு அது பயன்படாது. மெர்கேட்டர் படம் எந்த விளக்கின் நிழலும் அல்ல, படிப்படியாகக் கூட்டிய கணக்கு.

உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது எந்தப் படம் என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதும். பூமத்திய ரேகையிலிருந்து 30 டிகிரிக்கோடு வரை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் 30-இலிருந்து 60 வரை. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் மெர்கேட்டருக்கு 1.40 வரும். சரியாக 1 வந்தால் அது அட்சக்கோடுகளைச் சம இடைவெளியில் போட்ட எளிய படம். 1.2-ஐ ஒட்டி வந்தால் மில்லர் படமாக இருக்கலாம், மெர்கேட்டரின் ஊதலைக் கொஞ்சம் அடக்கியது அது. 0.73 வந்தால் அடுத்து நான் வரைந்த வகை. இந்தச் சோதனை தீர்க்கக்கோடுகள் நேராக உள்ள உருளைப் படங்களுக்கு மட்டும்தான்.

சரி, பரப்பைக் காப்பாற்றும் படத்துக்கு வருவோம். யோஹான் லாம்பர்ட் 1772-இல் சொன்ன உருளைப் படத்தில் அட்சக்கோட்டின் உயரம் நேரடியாக R sin φ. கிழக்கு மேற்காக எவ்வளவு இழுத்தோமோ அவ்வளவு வடக்கு தெற்காகச் சுருக்கிவிடுகிறது. பரப்பு எங்கேயும் மாறாது. என் கிரீன்லாந்துப் படிக்கட்டை அதில் போட்டபோது அகலங்கள் அப்படியே 8, 20, 32, 48, 38. உயரங்கள் மட்டும் 2.3, 1.9, 1.5, 1.1, 0.5 மி.மீ. மொத்தக் கிரீன்லாந்தும் 7.3 மி.மீ. உயரத்தில் 48 மி.மீ. அகலப் பட்டையாக நசுங்கிக் கிடக்கிறது. பரப்பு துல்லியம். ஆனால் குளோபில் அது நெட்டையான தீவு. 75 டிகிரியில் ஒரு சின்ன வட்டம் வரைந்தால் இந்தப் படத்தில் அதன் அகலம் உயரத்தைப்போல 15 மடங்காகிவிடும். பரப்பைத் திருப்பி வாங்கியதற்கு வடிவத்தைக் கொடுத்தாயிற்று.

இந்த நசுங்கலைத் துருவத்திலிருந்து இடம் மாற்றி வைக்கலாம். ஜேம்ஸ் கால் 1855-இலும், ஆர்னோ பீட்டர்ஸ் 1973-இலும் முன்வைத்த படம் அதைத்தான் செய்கிறது. லாம்பர்ட் படத்தையே அகலத்தில் சுருக்கி உயரத்தில் நீட்டி, 45 டிகிரியில் வடிவம் சரியாக அமையும்படி வைத்தார்கள். ஐரோப்பாவைப் பெரிதாகக் காட்டும் பழைய படத்துக்கு மாற்று என்று பீட்டர்ஸ் இதற்காகப் பலமாகவே வாதாடினார். அவர் எழுப்பிய நியாயம் எனக்கு உடன்பாடானதே. ஆனால் வரைந்து பார்த்தால், வடிவக் கேட்டில் பெரும்பங்கு வெப்பமண்டல நாடுகளின் தலையில்தான் விழுகிறது. பூமத்திய ரேகையில் கிழக்கு மேற்கு 0.71 மடங்காகச் சுருங்க, வடக்கு தெற்கு 1.41 மடங்காக நீள்கிறது. தமிழ்நாடு இருக்கும் 10 டிகிரி வாக்கில் அகலத்துக்கு உயரம் கிட்டத்தட்ட இரு மடங்கு இழுபடுகிறது. ஆப்பிரிக்காவும் தென்னிந்தியாவும் ஈரத்துணி காயப்போட்டது போல் தொங்குகின்றன. வடிவம் ஒழுங்காக அமைவது 45 டிகிரியில், அதாவது பிரான்சும் இத்தாலியும் இருக்கும் பட்டையில்.

உருளையையே விட்டுவிட்டால் என்ன என்று அடுத்ததாக சைனுசாய்டல் படத்தை வரைந்தேன். இதை வரைய மிகச் சுலபம். அட்சக்கோடுகள் சம இடைவெளியில், 5 டிகிரிக்கு 5 மி.மீ. ஒவ்வொரு கோட்டின் நீளமும் 360-ஐ அதன் கொசைனால் பெருக்கியது, 60 டிகிரிக்கோடு 180 மி.மீ. குளோபில் நூல் காட்டிய உண்மை நீளம்தான் தாளில் வருகிறது. பரப்பும் தப்பாது. கிரீன்லாந்துப் படிக்கட்டின் அகலங்கள் இப்போது 3.7, 7.7, 9.6, 10.4, 5.4. உயரம் 23.6 மி.மீ. நடுவில் அகன்று இரு முனையிலும் ஒடுங்கிய நெட்டைத் தீவு. அதன் ஒழுங்கான உருவத்தைத் தாளில் அப்போதுதான் பார்த்தேன்.

ஆனால் அது கிரீன்லாந்தை நடுக்கோட்டில் வைத்தால் மட்டும். இந்தப் படத்தில் நடுத் தீர்க்கக்கோடு ஒன்றுதான் நேர்க்கோடு. மற்றவை வளைந்து சாய்கின்றன. நடுவிலிருந்து எத்தனை ரேடியன் தள்ளி இருக்கிறோமோ அதை அட்சத்தின் சைனால் பெருக்கினால் சாய்வின் டேன்ஜென்ட் கிடைக்கும். நடுக்கோட்டை இந்தியா வழியாக 80 டிகிரி கிழக்கில் வைத்தேன். கிரீன்லாந்தின் நடுப்பகுதி அங்கிருந்து 122 டிகிரி தள்ளி இருப்பதால் 64 டிகிரி சாய்ந்து, படத்தின் ஓரத்தில் வழுக்கி விழுவதுபோல் இழுபட்டுப் போனது. பரப்பு அப்போதும் அதே 176 ச.மி.மீ. நடுக்கோட்டை கிரீன்லாந்துக்கு மாற்றினால் அது நிமிர்ந்துவிடுகிறது, இந்தியா 38 டிகிரி சாய்கிறது. எந்த நாட்டுக்கு ஒழுங்கான வடிவம் கிடைக்கும் என்பதைப் படம் வரைபவர் நடுக்கோட்டை வைக்கும் இடம் தீர்மானிக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே தாளில் காப்பாற்ற வழியே இல்லையா என்றால், இல்லை. கார்ல் கவுஸ் 1827-இல் வெளியிட்ட வளைபரப்புத் தேற்றத்திலிருந்தே இது கிடைத்துவிடுகிறது. கோளத்துக்கு ஒரு வளைவு உண்டு, தாளுக்கு அது பூஜ்யம். நீளங்கள் எதையும் மாற்றாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. கோணம் எங்கும் சரியாகவும் பரப்பு எங்கும் சரியாகவும் ஒரு படம் இருக்குமானால் அதில் நீளங்களும் சரியாகிவிடும், ஆகவே அப்படி ஒரு படம் இருக்கவே முடியாது.

பரப்பைக் காப்பாற்றிய படங்கள் மாலுமியின் நேர்க்கோட்டை இழந்தன என்று சொன்னால் மட்டும் போதாது, அந்த நேர்க்கோட்டின் மதிப்பையும் எல்லையையும் பார்க்கவேண்டும். சென்னையையும் நியூயார்க்கையும் மெர்கேட்டர் சார்ட்டில் குறித்து ஸ்கேலால் இணைத்தேன். கோடு வடக்கிலிருந்து மேற்காக சுமார் 78 டிகிரியில் போகிறது. அந்த ஒரே திசையை வழிநெடுகப் பிடித்துக்கொண்டே போனால் நியூயார்க்கில் போய்ச் சேரலாம். சைனுசாய்டல் சார்ட்டில் அதே பாதை வளைந்துவிடுகிறது, பாகைமானியால் எதையும் படிக்க முடியாது. மெர்கேட்டர் தவிர வேறு எந்தப் படமும் இந்தக் கோணத்தை ஸ்கேலும் பாகைமானியுமாக எடுத்துத் தராது.

பிறகு குளோபில் இரண்டு ஊருக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடித்தேன். நூல் சென்னையிலிருந்து கிட்டத்தட்ட வடக்கு நோக்கியே கிளம்புகிறது, வடக்கிலிருந்து 23 டிகிரிதான் மேற்கே சாய்வு. ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி 68 டிகிரி வரை ஏறி, பிறகு இறங்குகிறது. இதுதான் மிகக் குறுகிய வழி, சுமார் 13,500 கி.மீ. மெர்கேட்டரின் நேர்க்கோட்டு வழி சுமார் 15,400 கி.மீ. படத்தில் நேராகத் தெரிவது தரையில் 1,900 கி.மீ. சுற்று. விமானங்கள் ஏன் வடக்கே வளைந்து பறக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இந்த நூலைக் காட்டினால் போதும். நேர்க்கோடு திசையைப் பற்றித்தான் உறுதி கொடுத்தது, தூரத்தைப் பற்றிக் கொடுக்கவே இல்லை.

தூரக் குழப்பத்தைக் கைபேசியிலேயே பார்க்கலாம். வரைபடம் தட்டையாக இருக்கும் செயலி ஒன்றைத் திறந்து, உருப்பெருக்கத்தை மாற்றாமல் கன்னியாகுமரியிலிருந்து நார்வே வரை படத்தை நகர்த்துங்கள். மூலையில் உள்ள அளவுகோல் காட்டும் கிலோமீட்டர் மாறிக்கொண்டே போகும். நார்வேயில் 60 டிகிரியில் அதே நீளக் கோடு, பூமத்திய ரேகையில் காட்டும் தூரத்தில் பாதியைத்தான் குறிக்கும். தெருவைத் தேடும் வேலைக்கு இது இடைஞ்சலே இல்லை. தெருமுனையின் செங்கோணம் எந்த ஊரிலும் செங்கோணமாகவே தெரியவேண்டும் என்பதுதான் அங்கே முக்கியம், அதை மெர்கேட்டர் தருகிறது. அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் சுவரில் அதை மாட்டுவதுதான் தவறு.

ஆகவே வாசகசாலைச் சுவருக்கு வேறு படம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ராபின்சன், விங்கல் ட்ரிப்பல் போன்றவை எதையும் முழுதாகக் காப்பாற்றாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கண்ணுக்கு இதமாக இருப்பவை. நேஷனல் ஜியாகிரஃபிக் சங்கம் 1988-இல் ராபின்சனுக்கும் 1998-இல் விங்கல் ட்ரிப்பலுக்கும் மாறியது. ஆனால் வாசகசாலைக்கு வரும் பிள்ளைகள் எது பெரியது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்குப் படம் சரியான பதில் சொல்லவேண்டும் என்பதால் 2018-இல் வெளிவந்த ஈக்வல் எர்த்தை எடுத்தேன். பரப்பு முழுக்கச் சரி. துருவத்தைப் புள்ளியாக்காமல், பூமத்திய ரேகையில் பாதியைவிடச் சற்று நீண்ட கோடாக வைத்திருப்பதால் ஓர நாடுகள் சைனுசாய்டல் அளவுக்குச் சாயவில்லை. அதற்கு ஈடாக வடகோடி நிலங்கள் கொஞ்சம் நசுங்கியிருக்கின்றன.

நடுக்கோட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி கடைசியில் வந்தது. இந்தியாவை நடுவில் வைக்க 80 டிகிரி கிழக்கைத் தேர்ந்தால் படத்தின் ஓரம் 100 டிகிரி மேற்கில் விழும், கனடாவும் அமெரிக்காவும் மெக்சிகோவும் இரண்டாக வெட்டுப்பட்டு இரு ஓரங்களில் நிற்கும். வழக்கமான பூஜ்ய டிகிரியில் வைத்தால் ரஷ்யாவின் கிழக்கு முனை அறுந்து இடது ஓரத்துக்குப் போய்விடும். 11 டிகிரி கிழக்கில் வைத்தால் வெட்டு 169 டிகிரி மேற்கில், பெரிங் ஜலசந்தி வழியாகப் போகிறது. பெரிய நிலப்பரப்பு எதுவும் உடைவதில்லை. அப்படியே அச்சிட்டு மாட்டியிருக்கிறோம். கீழ் ஓரத்தில் இரண்டு வரி எழுதி ஒட்டினேன்: “பரப்பை இந்தப் படத்தில் ஒப்பிடலாம். தூரத்தையும் திசையையும் பக்கத்தில் உள்ள குளோபில் நூல் வைத்துப் பாருங்கள்.” குளோபின் தாங்கியில் ஒரு மீட்டர் நூலும் கட்டிவைத்திருக்கிறேன்.